பழைய போனில் வீடு எழும்புவதைப் படம்பிடிக்க: இடைவெளிக் கணக்கு, சார்ஜ் கணக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அக்கா வீடு கட்டத் தொடங்கினாள். எதிர்வீட்டு மாடியில் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றைப் பொருத்தி, 8 மாதமும் படம் எடுத்து, அவற்றைக் கோத்து வீடியோ ஆக்கினோம்.

முதலில் பொருத்தும் இடம். கட்டும் வீட்டின் சாரத்தில் கட்டாதீர்கள், அது ஆடும், பாதியில் பிரித்துவிடுவார்கள். எதிர்வீட்டு மாடியின் கைப்பிடிச் சுவரில் இரும்புத் தாங்கியைத் துளையிட்டு போல்ட் போட்டு முடுக்கலாம். கேமரா வடக்குப் பார்த்திருந்தால் வெயில் பெரும்பாலும் நேராக விழாது. போனை மூடி வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள், லென்ஸ் பெட்டியின் முன்பக்கக் கண்ணாடியை ஒட்டி இருக்கட்டும். இடைவெளி விட்டால் போனின் பிரதிபலிப்பே படத்தில் விழும்.

அடுத்தது இடைவெளி. வீடியோவில் ஒரு நொடிக்கு 25 படம். பத்து நிமிடத்துக்கு ஒன்று எடுத்தால், காலை 9 முதல் மாலை 5 வரை சுமார் 50 படம், அதாவது ஒரு நாள் 2 நொடி. 208 வேலை நாளுக்கு 10,400 படம், 7 நிமிட வீடியோ. நீளம்தான், மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்தால் இரண்டேகால் நிமிடத்தில் முடியும். ஆனால் தளம் கான்கிரீட் போடும் நாளுக்கு இது போதாது. காலையில் வெறும் கம்பிக்கட்டு, மாலையில் முழுத் தளம். நடுவில் எல்லாம் 2 நொடியில் போய்விடும். மேஸ்திரியிடம் தேதி கேட்டு, அன்று மட்டும் 1 நிமிடமாக மாற்றினோம். 19 நொடி கிடைத்தது. முழு வீடியோவிலும் அக்கா திரும்பத் திரும்பப் பார்ப்பது அதைத்தான்.

நாங்கள் பயன்படுத்தியது Open Camera என்ற ஆப். குறித்த இடைவெளியில் தானாகவே படம் எடுக்க அதில் Repeat வசதி உண்டு. ஃபோகஸை முடிவிலியில் வையுங்கள், இல்லையென்றால் கண்ணாடியில் விழுந்த மழைத்துளி தெளிவாகவும் வீடு மங்கலாகவும் வரும். விமானப் பயன்முறை, குறைந்த திரை வெளிச்சம் இரண்டும் அவசியம்.

இனி மின்சாரம். முதல் மாதம் சார்ஜரை எப்போதும் செருகியே வைத்தோம். சித்திரை வெயிலில் பேட்டரி உப்பி, பின்மூடியைத் தள்ளி, போனையே சாய்த்துவிட்டது. முதல் நாள் படத்தையும் அன்றைய படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தபோதுதான், மின்கம்பம் இடம் மாறியிருந்தது தெரிந்தது. உப்பிய பேட்டரியைக் குத்தாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள்.

வேறு போன் வைத்து, சார்ஜரைக் கழற்றி அளந்தோம்: மணிக்கு 4 சதவீதம் இறங்கியது. அதனால் டைமர் சாக்கெட்டில் காலை 5 முதல் 6.30, மாலை 5.30 முதல் 7 என வெயில் இல்லாத நேரமாக வைத்தோம். நடுவில் 11 மணி நேரத்தில் 44 சதவீதம்தான் குறையும். திருகும் டைமர் வாங்காதீர்கள், கரண்ட் போனால் அதன் கடிகாரமும் நின்று நேரம் தள்ளிப்போகும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர்தான் சரி.

ஞாயிறுதோறும் படங்களை லேப்டாப்புக்கு மாற்றி, கண்ணாடியில் படியும் உப்பையும் சிமெண்ட் தூசியையும் துடைத்தோம். கோப்பின் பெயரிலேயே நேரம் இருப்பதால் இரவுப் படங்களை நீக்குவது எளிது. அப்புறம் படங்களைக் கோத்து வீடியோவாக்க லினக்ஸில் இந்த ஒரு வரி போதும்:

```
ffmpeg -framerate 25 -pattern_type glob -i '*.jpg' -vf scale=1920:-2 -pix_fmt yuv420p veedu.mp4
```