முதுகில் தோட்பட்டை எலும்பு புடைத்து நின்றால்: சுவரில் சோதிக்கும் முறையும் படுத்துத் தொடங்கும் பயிற்சியும்

புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வலது தோளின் பின்புறத்தில் இரண்டு கிழமைகளாக மந்தமான வலி இருந்தது. வலி குறைந்தபின், மேல்தட்டில் இருக்கும் பொருளை எடுக்க வலக்கை எட்டவில்லை, கதிரையில் சாய்ந்தால் முதுகில் ஓர் எலும்பு இடிக்கிறது.

அப்படி இடிப்பது தோட்பட்டை எலும்பின் உள்ளோரமாகும். அந்த எலும்பை விலாவோடு ஒட்டிப் பிடித்து, கை உயரும்போது அதைச் சுழற்றித் தருவது செரட்டஸ் அன்டீரியர் என்னும் தசை. அதை இயக்குவது நீள்மார்பு நரம்பு. கழுத்தின் ஐந்தாம், ஆறாம், ஏழாம் நரம்பு வேர்களிலிருந்து புறப்படும் அந்த நரம்பு, மார்பின் பக்கவாட்டில் அதிகப் பாதுகாப்பின்றிக் கீழிறங்குவதால், தோளில் அழுந்தும் பாரம், கையின் திடீர் இழுவை, அக்குளில் செய்யப்படும் சத்திரசிகிச்சை ஆகியவற்றால் பாதிக்கப்படலாம். சிலருக்கு நரம்பு அழற்சியாலும் இது வரும். அப்போது முதலில் கடுமையான வலியும், அது தணியும்போது பலவீனமும் தோன்றும். தோட்பட்டை எலும்பு ஒழுங்கற்று அசையும் எல்லோருக்கும் நரம்பு செயலிழந்திருப்பதில்லை. நரம்பு நன்றாக இருந்தும் தசைகள் உரிய நேரத்தில் இணைந்து இயங்காததே பலருக்குக் காரணம். பயிற்சியைத் தொடங்குமுன் இந்த இரண்டையும் பிரித்தறிவது அவசியம்.

முதலில் மேற்சட்டையைக் கழற்றச் சொல்லி, வெளிச்சத்தில் அவருக்குப் பின்னால் நில்லுங்கள். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல்களை இரு கைகளிலும் கொடுத்து, கைகளை முன்புறமாக மெதுவாக உயர்த்தி மெதுவாகவே இறக்கும்படி ஐந்து முறை செய்விக்க வேண்டும். ஒழுங்கின்மை மட்டும் உள்ளவரிடம் புடைப்பு பெரும்பாலும் கை இறங்கும்போதே தெரியும். "எலும்பை விலாவோடு அணைத்துக்கொண்டு இறக்குங்கள்" என்று சொன்னால் ஓரளவாவது திருத்திக்கொள்வார். நம் நாட்டாமையாலோ தோள் மட்டத்துக்கு மேல் கையை உயர்த்தவே முடியவில்லை. சொல்லியும் எலும்பு படியவில்லை.

அடுத்து, சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நிறுத்தி, இரு உள்ளங்கைகளையும் சுவரில் ஊன்றித் தள்ளச் சொல்லுங்கள். வலப்பக்கத்தில் எலும்பின் உள்ளோரம் விரல் நுனியை அடியில் நுழைக்குமளவு எழும்பி, கீழ்முனை முதுகெலும்பை நோக்கி நகர்ந்தால், சந்தேகம் நீள்மார்பு நரம்பின்மீது விழுகிறது. மாறாக, தோள் தொங்கி, எலும்பு முதுகெலும்பை விட்டு வெளியே விலகி, தோளைக் குலுக்குவதும் கடினமாக இருந்தால் கழுத்திலிருந்து தோளுக்கும் மேல்முதுகுக்கும் விரியும் ட்ரப்பீசியஸ் தசையின் நரம்பையே சோதிக்க வேண்டும். பின்னர் உங்கள் உள்ளங்கையால் அந்த எலும்பை விலாவோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கையை மறுபடி உயர்த்தச் சொல்லுங்கள். இப்போது கை மேலே போனால், குறை கையில் இல்லை, எலும்பை நிறுத்தும் பிடியில் இருக்கிறது. ஒன்றை மறக்கக்கூடாது: இந்த நரம்பு தோலுக்கு உணர்ச்சி தருவதில்லை. விரல்கள் விறைத்தால் கழுத்திலோ வேறு நரம்பிலோ காரணம் தேட வேண்டும்.

நரம்பு பாதிக்கப்பட்டதாகத் தெரிந்தால், தோளில் மூட்டை ஏற்றுவதையும் தலைக்குமேல் பாரம் தூக்குவதையும் உடனே நிறுத்த வேண்டும். செயலிழந்த தசை மேலும் இழுபடக்கூடாது. முதற்கட்டத்தில் கட்டிலில் மல்லாந்து படுத்து, இடக்கையால் வலக்கையைப் பிடித்துத் தலைப்பக்கம் உயர்த்தி இறக்குவது போதும். மெத்தையே எலும்பைப் பின்னாலிருந்து தாங்குவதால் மூட்டு இறுகாமல் காக்கலாம்.

தசையில் அசைவு திரும்பியதும், அதே நிலையில் முழங்கையை மடக்காமல் முஷ்டியைக் கூரையை நோக்கி வைத்து, தோட்பட்டை மெத்தையிலிருந்து சற்று எழும்புமளவு மேலே தள்ளி, மூன்று விநாடி நிறுத்தி மெதுவாக இறக்க வேண்டும். பத்து முறை கொண்ட இரண்டு சுற்றுகளில் தொடங்கலாம். தோள் காதை நோக்கி ஏறினால் வேறு தசை வேலையைப் பறித்துக்கொள்கிறது என்று பொருள். அங்கேயே நிறுத்துவது நல்லது.

அது சீராக வந்தபின்பே சுவர்ப் பயிற்சி. உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, முழங்கைகள் நேராக இருக்க, மார்பைச் சுவரிலிருந்து பின்னுக்குத் தள்ளுங்கள்; பிறகு மேசை, பிறகு முழந்தாளிட்டுத் தரை. இந்த ஒவ்வொரு படியிலும் ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். எலும்பின் ஓரம் எழும்பினால், வலிக்காவிட்டாலும், முந்தைய படிக்கே திரும்ப வேண்டும். எத்தனை முறை செய்தார் என்பதைவிட அந்த ஓரம் படிந்திருக்கிறதா என்பதையே நான் அளவுகோலாகக் கொள்வேன். ஒழுங்கின்மை மட்டும் உள்ளவர் நேராகச் சுவரிலேயே தொடங்கலாம். அவருக்கு இறுகிய மார்புத் தசையை நீட்டும் பயிற்சியும் உதவும்.

தசையின் மின் இயக்கத்தைப் பதியும் ஈ.எம்.ஜி. பரிசோதனை, பாதிப்பு ஏற்பட்டு மூன்று நான்கு கிழமைகளுக்குப் பின்னரே தெளிவான விடை தரும். அழுத்தத்தாலும் இழுவையாலும் வந்தவை பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் தாமாகவே தேறும். அதன் பின்பும் தேறாவிட்டால் மார்புத் தசையின் ஒரு பகுதியை இடம்மாற்றிப் பொருத்தும் சத்திரசிகிச்சை உண்டு. ஆனால் வெட்டுக்காயத்தாலோ சத்திரசிகிச்சையின்போதோ நரம்பு அறுந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் காத்திருக்காமல் உடனே நிபுணரிடம் செல்ல வேண்டும்.