ஃபிரிட்ஜ் விளக்கு எரியவில்லையா, அணையவில்லையா? பல்பைக் கழற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற கோடையில் என் அக்கா வீட்டு ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில், மேல் தட்டில் வைத்த பால் மட்டும் மறுநாளே திரிந்துபோனது. கீழ்த்தட்டில் இருந்த காய்கறிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தெர்மோஸ்டாட் குமிழைக் கடைசி எண் வரை திருப்பிப் பார்த்தார்கள், பயனில்லை. வந்து பார்த்த மெக்கானிக் ஒருவர் கேஸ் குறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு நாள் விடியற்காலையில், இரவு முழுவதும் யாரும் திறக்காத அந்தக் கதவைத் திறந்து விளக்கின் பிளாஸ்டிக் மூடியைத் தொட்டேன். அது வெதுவெதுப்பாக இருந்தது. குளிர்ந்த பெட்டிக்குள் அந்த ஓர் இடம் மட்டும் சூடாக இருந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: விளக்கு இரவெல்லாம் எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

பழைய ஃபிரிட்ஜ்களில் இருப்பது பெரும்பாலும் 15 வாட் இழை பல்பு. அது 24 மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்கு 0.36 யூனிட், மாதத்துக்கு ஏறக்குறைய 11 யூனிட் செலவாகும். அந்த 15 வாட்டும் பெட்டிக்குள்ளேயே வெப்பமாக மாறுவதால், அதை வெளியேற்றக் கம்ப்ரஸர் கூடுதலாக ஓட வேண்டியிருக்கிறது. பல்புக்கு அருகில் வைத்த பொருள்தான் முதலில் கெடும். அணையாத விளக்கை மின்கட்டணப் பிரச்சினை என்று மட்டும் எண்ணித் தள்ளிப்போடுவது முதல் தவறு.

விளக்கு அணையவில்லை என்றால் பல்பின் மேல் பழி இல்லை. கதவு ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் சிறிய பட்டன்தான் கதவு சுவிட்ச். நம் சுவர் சுவிட்சுக்கு நேர்மாறாக, அதை அழுத்தினால் இணைப்பு துண்டிக்கப்படும், விட்டால் இணையும். கதவின் உட்புறத்தில் உள்ள சிறு மேடு அந்தப் பட்டனை அழுத்தும்போதுதான் விளக்கு அணைகிறது. ஆகவே கதவைத் திறந்து வைத்து, பட்டனை விரலால் முழுதாக அழுத்திப் பாருங்கள். விரலுக்கு அணைகிறது, கதவுக்கு அணையவில்லை என்றால் சுவிட்ச் நன்றாக இருக்கிறது, கதவு சரியாக அழுத்தவில்லை என்று பொருள். விரலுக்கும் அணையவில்லை என்றால் பட்டன் சிக்கியிருக்கலாம், அல்லது உள்ளே தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். சந்தேகம் தீரவில்லை என்றால், கைப்பேசியில் வீடியோ பதிவை ஓடவிட்டு உள்ளே வைத்து, ஒரு நிமிடம் கதவை மூடித் திறந்தால் போதும்.

அக்கா வீட்டில் விரலுக்கு விளக்கு அணைந்தது. சப்பாத்தி மாவில் மிளகளவு உருண்டை பிடித்துப் பட்டனின் நுனியில் ஒட்டி, கதவை மூடித் திறந்து பார்த்தேன். மாவு நடுவில் நசுங்காமல், கீழ் விளிம்பில் மட்டும் லேசாகத் தடம் பதிந்திருந்தது. கதவு கீழே இறங்கியிருந்ததால் மேடு பட்டனை நேராகத் தொடாமல் வழுக்கிச் சென்றிருக்கிறது. தரையைப் பெருக்க வசதியாக இருக்கும் என்று சில வாரங்களுக்கு முன் ஃபிரிட்ஜைச் சக்கர ஸ்டாண்டில் ஏற்றியிருந்தார்கள். அதன் முன்கால் ஒன்று தரையில் படவில்லை, மேல் கீலின் திருகும் தளர்ந்திருந்தது. காலைச் சமன் செய்து, கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்துத் திருகை இறுக்கியதும் விளக்கு அணைந்தது. பாலும் அதன்பின் திரியவில்லை. கேஸ் நிரப்பவேயில்லை.

இந்த இடத்தில் பலர் செய்வது, மேட்டின் மேல் அட்டைத் துண்டையோ தெர்மோகோலையோ ஒட்டிவிடுவது. விளக்கு அணையும், ஆனால் கதவு சரிந்தது சரிந்தபடியே இருக்கும். சரிந்த கதவின் ரப்பர் ஒரு மூலையில் விலகி வெளிக்காற்றை உள்ளே விடும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் அங்கே ரப்பர் பிடிக்கவில்லை. கதவுத் தட்டில் திணித்த பெரிய பாட்டில் உள்தட்டில் இடித்தாலும் இதே நிலைதான்.

பட்டன் சிக்கியிருந்தால், சிந்திய பழச்சாறோ பாலோ காய்ந்து ஒட்டியிருப்பதே வழக்கமான காரணம். தையல் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விடக் கூடாது. அது அழுக்கைச் சேர்த்து மறுபடியும் ஒட்டவைக்கும். பிளக்கை உருவிவிட்டு, வெந்நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, பட்டன் தானாக மேலெழும்பும்வரை அழுத்தி அழுத்தி விடுங்கள். ஈரம் முழுவதும் காய்ந்த பிறகே பிளக்கைச் செருகுங்கள்.

விளக்கு எரியவே இல்லை என்றால், முதலில் கம்ப்ரஸர் ஓடுகிறதா என்று கவனியுங்கள். அது ஓடினால் மின்சாரம் வருகிறது. பல்பு, ஹோல்டர், சுவிட்ச் ஆகிய மூன்றில்தான் கோளாறு. பல்பு எரிந்துபோகாமல் தளர்ந்து மட்டும் இருப்பதும் உண்டு. இங்கேதான் மிக ஆபத்தான தவறு நடக்கிறது. தெர்மோஸ்டாட் குமிழைச் சுழியத்தில் வைத்துவிட்டால் மின்சாரம் நின்றுவிட்டது என்று நம்பிப் பல்பைத் தொடுகிறார்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்களில் பொதுவாக அந்தக் குமிழ் கம்ப்ரஸரை மட்டுமே நிறுத்தும், ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். கதவு சுவிட்சை அழுத்திப் பிடித்திருப்பதும் பாதுகாப்பல்ல, ஏனெனில் சுவரிலுள்ள சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் சுவிட்ச் துண்டித்த பிறகும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கும். பிளக்கைக் கையால் உருவுவது ஒன்றே வழி. வேலை முடிந்து மீண்டும் செருக ஐந்து நிமிடமாவது பொறுத்தால் கம்ப்ரஸர் திணறாமல் கிளம்பும்.

புதிய பல்பு வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். பல ஃபிரிட்ஜ்களில் இருப்பது E14 என்று குறிக்கப்படும், 14 மி.மீ. அகலமுள்ள சிறிய திருகு வகை. வெளிச்சம் போதவில்லை என்று 40 வாட் பல்பு போட்டால், நாளடைவில் பிளாஸ்டிக் மூடி மஞ்சளாகி வளைந்துவிடும். அதே திருகளவில் ஒன்றிரண்டு வாட் எல்இடி பல்பு கிடைக்கிறது. என் கருத்தில் அதுவே நல்லது. புதிய ஃபிரிட்ஜ்களில் கழற்றும் பல்புக்குப் பதில் எல்இடிப் பலகை இருக்கும். அதை அதே மாடலுக்குரிய பலகையாகத்தான் மாற்ற வேண்டும்.

புதிய பல்பும் எரியாவிட்டால் சுவிட்சைச் சோதிக்கலாம். பிளக்கை உருவியபின் சுவிட்சைத் தட்டையான முனையால் நெம்பி எடுத்து, இரு வயர்களையும் கழற்றி, மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து அதன் இரு கம்பிகளால் சுவிட்சின் இரு முனைகளையும் தொடுங்கள். பட்டனை விட்ட நிலையில் ஒலிக்க வேண்டும், அழுத்தினால் ஒலி நிற்க வேண்டும். அப்படி இல்லையென்றால் சுவிட்சை மாற்றுங்கள்.

இரண்டு வயர்களையும் நேரடியாக முறுக்கி இணைப்பதும், அணையாத விளக்குக்குத் தீர்வாகப் பல்பைக் கழற்றி வைப்பதும் வேறு வகைத் தவறுகள். முதலாவது விளக்கை ஓயாமல் எரியவிடும். இரண்டாவது ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் சில நாட்களுக்குப் பரவாயில்லை, வெற்று ஹோல்டரை மூடிவைத்தால் போதும். ஆனால் உறைபனி படியாத இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ்கள் பலவற்றில், கதவு திறந்திருக்கும்போது குளிர்காற்று விசிறியை நிறுத்துவதும் இதே கதவு சுவிட்ச்தான். கதவு மூடிய பிறகும் அது அழுந்தாத நிலையிலேயே சிக்கிக்கொண்டால் விசிறி சுற்றாது; மேலே ஃப்ரீஸரில் ஐஸ் இருக்கும், கீழே தயிர் புளிக்கும். பல்பு இல்லாத அந்த ஃபிரிட்ஜில் இந்தக் கோளாறைக் காட்டிக்கொடுக்கும் ஒரே அடையாளமும் மறைந்துவிடுகிறது. கதவைத் திறந்து பட்டனை விரலால் அழுத்தி, சற்று நேரம் காதுகொடுத்துக் கேளுங்கள். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தும் விசிறிச் சத்தம் எழவில்லை என்றால், கேஸைப் பற்றிப் பேசுவதற்கு முன் சுவிட்சையும் விசிறியையும் பார்க்கச் சொல்லி மெக்கானிக்கை அழையுங்கள்.