விசாரணை அதிகாரியே புகார்தாரரின் மேலாளர் என்றால்: ஆட்சேபணையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஓர் இளைஞர் என்னிடம் ஒரு கோப்பைக் கொண்டுவந்தார். குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அவர் கொடுத்த விளக்கம், விசாரணை நோட்டீஸ், முதல் அமர்வின் நடவடிக்கைக் குறிப்பு என்று எல்லாம் தேதிவாரியாக அடுக்கியிருந்தார். புகார் கொடுத்தவர் ஷிப்ட் சூப்பர்வைசர். உள்விசாரணை நடத்துபவர் அந்த சூப்பர்வைசரின் நேரடி மேலாளர். கடைசித் தாளைத் திருப்பும் முன்பே அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருபது வருடங்களுக்கு மேலாகச் சக தொழிலாளிகளுக்காக விசாரணைகளில் உடன் உட்கார்ந்து வருகிறேன். அதற்கு முன்னால் நானே குற்றம் சாட்டப்பட்டு உட்கார்ந்தவன். அந்தத் தாளில் இருந்த வரியை அன்று நானும் சொன்னேன்.

தேதி தவறாமல் போக வேண்டும், படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

‘ஆட்சேபணை இல்லை’ என்று சொல்லிவிடுவது

முதல் அமர்வு எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கும். விசாரணை அதிகாரி குற்றச்சாட்டை வாசித்துக் காட்டுவார். புரிந்ததா என்பார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்பார். உதவிக்கு யாரை வைத்துக்கொள்கிறீர்கள் என்பார். இவற்றுக்கு நடுவே, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும் குரலில், ஒரு கேள்வி வரும்: “இந்த விசாரணையை நான் நடத்துவதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?”

நம் ஆள் என்ன செய்வார்? எதிரே உட்கார்ந்திருப்பவர் நாளை அறிக்கை எழுதப் போகிறவர். அவர் முகத்துக்கு நேராக “உங்கள்மேல் நம்பிக்கை இல்லை” என்று சொல்ல நாக்கு எழாது. “இல்லை சார்” என்று சொல்லிவிடுவார். அது கேள்வி பதிலாகப் பதிவாகும், அடியில் அவர் கையெழுத்தும் விழும். அந்த ஒரு வரிக்காகத்தான் அந்தக் கேள்வியே கேட்கப்படுகிறது. பின்னாளில் தொழிலாளர் நீதிமன்றத்தில் நிர்வாகத்தின் வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டுவதும் அதைத்தான்.

என் கதையும் இதுதான். நான் அப்போது ஃபிட்டர். வேலை செய்ய மறுத்தேன், சூப்பர்வைசரை அவமரியாதையாகப் பேசினேன் என்று குற்றச்சாட்டு. விசாரணை அதிகாரி பராமரிப்புப் பிரிவின் மேலாளர். சூப்பர்வைசர் தினமும் காலையில் அறிக்கை கொடுப்பது அவரிடம். மனிதர் நல்லவர், என்னோடு நின்று டீ குடித்திருக்கிறார். ஆட்சேபணை இல்லை என்றேன். நான்காவது அமர்வில் நான் சூப்பர்வைசரைக் குறுக்கு விசாரணை செய்தபோது, “அன்றைக்கு மெஷினை நிறுத்தச் சொன்னது யார்?” என்று கேட்டேன். சூப்பர்வைசர் திணறினார். அதிகாரி மேஜையிலிருந்து தலையை நிமிர்த்தி, “நான்தான் சொன்னேன், அடுத்த கேள்விக்குப் போங்கள்” என்றார்.

அந்தக் கணத்தில் அவர் சாட்சி ஆகிவிட்டார். 1957-இல் முகமது நூ என்ற காவலரின் வழக்கில், விசாரணை நடத்திய அதிகாரியே நடுவில் எழுந்து சாட்சியம் சொல்லிவிட்டு மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதியதை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. அது எனக்கு அப்போது தெரியாது. தெரியாததை மன்னிக்கலாம். ஆனால் ஏதோ சரியில்லை என்று உறைத்த பிறகும் வாய் திறக்காமல் அன்றைய குறிப்பில் கையெழுத்துப் போட்டேனே, அதைத்தான் இன்றும் மன்னிக்க முடியவில்லை. அறிக்கை எனக்கு எதிராக வந்த பிறகுதான் ‘பாரபட்சம்’ என்று நான்கு பக்கம் எழுதினேன். வேலை போனது. வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. பாரபட்ச வாதம் எடுபடவில்லை, உரிய நேரத்தில் எழுப்பவில்லை என்றார்கள்.

இதற்கான சட்டமும் அதே 1957-இல் மாணக் லால் வழக்கில் தெளிவாகிவிட்டது. ராஜஸ்தானில் ஒரு வழக்கறிஞர்மேல் வந்த புகாரை மூவர் குழு விசாரித்தது. குழுவின் தலைவர் முன்பு ஒரு வழக்கில் புகார்தாரருக்காக வாதாடியவர். உச்ச நீதிமன்றம் சொன்னதில் இரண்டு பாதிகள் உண்டு. முதல் பாதி நமக்குச் சாதகம்: அவர் உண்மையிலேயே ஒருதலையாக நடந்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி நடக்கக்கூடும் என்று நியாயமான ஐயம் எழும் நிலை இருந்தாலே அவர் அங்கே உட்காரக் கூடாது. இரண்டாம் பாதிதான் நம்மைக் கவிழ்ப்பது: அந்த வழக்கறிஞருக்கு இது முன்பே தெரியும், தெரிந்தும் அறிக்கை பாதகமாக வரும்வரை பேசாமல் இருந்தார், ஆகவே ஆட்சேபிக்கும் உரிமையை அவரே விட்டுக்கொடுத்துவிட்டார். முதல் பாதியில் ஜெயித்தும் அவர் தோற்றார்.

முதல் அமர்வில் கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு ஒரு வழி மிச்சம் உண்டு. உரிமையை விட்டுக்கொடுப்பது என்றால், தெரிந்து விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். பாரபட்சத்துக்கான விஷயம் பின்னால்தான் தெரிய வந்தது என்றால், தெரிந்த அடுத்த அமர்விலேயே, எந்தத் தேதியில், எந்த ஆவணத்தின் மூலம் தெரிந்தது என்று எழுதிக் கொடுங்கள். ‘அடுத்த அமர்வு’ என்று நான் சொன்னால் அது அடுத்த அமர்வுதான். அதற்கடுத்தது அல்ல.

‘அவர் மேலாளர்’ என்பதோடு நிறுத்திக்கொள்வது

புகார்தாரரின் மேலாளர் என்ற ஒரே காரணம் பெரும்பாலும் போதாது. உள்விசாரணையை நிர்வாகத்தின் ஆள் நடத்துவதைச் சட்டம் தடுக்கவில்லை. 1964-இல் சரண் மோட்டார்ஸ் வழக்கில், நிறுவனத்துக்காகச் சில சமயம் வாதாடும் வழக்கறிஞர் விசாரணை அதிகாரியாக இருந்ததையே உச்ச நீதிமன்றம் தவறாகக் கொள்ளவில்லை. ஆகவே அந்த மேலாளருக்கு *இந்தச் சம்பவத்தோடு* என்ன ஒட்டு என்று காட்ட வேண்டும். சம்பவத்தை நேரில் பார்த்தாரா? முதற்கட்ட விசாரணையை அவரே செய்தாரா? தற்காலிகப் பணிநீக்கத்துக்குப் பரிந்துரைத்தாரா? குற்றச்சாட்டு உண்மையில்லை என்றானால், அவர் கொடுத்த உத்தரவே தப்பு என்று ஆகுமா?

இந்த ஒட்டு எங்கே கிடைக்கும்? பெரும்பாலும் புகார்க் கடிதத்தின் ஓரத்தில். அந்த இளைஞருக்குக் கொடுத்திருந்தது புகாரின் தட்டச்சுப் பிரதி. மூலத்தின் ஜெராக்ஸைக் கேட்டு எழுதச் சொன்னேன். இரண்டு முறை கேட்டதும் வந்தது. இடது ஓரத்தில் சாய்வாக ஒரு கையெழுத்து: ‘மனிதவளத் துறைக்கு. மிக மோசமான நடத்தை. கடும் நடவடிக்கை தேவை.’ கீழே சுருக்கொப்பம், தேதி. விசாரணை அறிவிப்பில் இருந்த சுருக்கொப்பமும் அதேதான். விசாரணை தொடங்குவதற்குப் பதினெட்டு நாள் முன்பே விசாரணை அதிகாரி முடிவு சொல்லியாகிவிட்டது. தட்டச்சுப் பிரதியில் இந்த ஓரக் குறிப்பு இல்லை. இந்தக் காகிதம் அந்த இளைஞரின் கைக்கு வந்ததே முதல் அமர்வுக்குப் பிறகுதான் என்பதால், மேலே சொன்ன வழியும் அவருக்குத் திறந்தது.

பிறகு எழுதிய கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. அதன் நடுப்பகுதி இப்படி இருந்தது:

“விசாரணை அதிகாரியாக நியமிக்கப்பட்டவர் புகார்தாரரின் நேரடி மேலதிகாரி. என்மேல் வந்த புகாரில், விசாரணைக்கு முன்பே, என் நடத்தை மிக மோசமானது என்றும் கடும் நடவடிக்கை தேவை என்றும் தம் கைப்பட எழுதி ஒப்பமிட்டுள்ளார். இந்தக் குறிப்பு உள்ள நகல் என்னிடம் இம்மாதம் 6-ஆம் தேதி தரப்பட்டபோதுதான் இது எனக்குத் தெரியவந்தது. அதற்கு முன் ஆட்சேபணை இல்லை என்று நான் கூறியது இதை அறியாமல் கூறியது. அவர் விசாரித்தால் நியாயம் கிடைக்காது என்ற நியாயமான ஐயம் எனக்கு உள்ளது. இச்சம்பவத்தோடு தொடர்பில்லாத வேறொருவரை நியமிக்கவும், இம்மனுவின்மேல் எழுத்துப்பூர்வமாக முடிவு தெரிவிக்கும்வரை விசாரணையை நிறுத்திவைக்கவும் வேண்டுகிறேன்.”

இதில் ஒரு பெயரடைகூட அதிகாரியைக் குறித்து இல்லை என்பதைக் கவனியுங்கள்.

வாயால் சொல்வது

சொல்லவே இல்லை என்று பதிவாகும்.

கடிதத்தை விசாரணை அதிகாரியிடம் மட்டும் கொடுப்பது

அவரை நியமித்தது அவரல்ல. நியமன உத்தரவில் கையெழுத்திட்ட ஒழுங்கு நடவடிக்கை அதிகாரிக்கே மனு போக வேண்டும். ஒரு நகலை விசாரணை அதிகாரியிடம் அமர்வில் கொடுத்து, ‘ஆட்சேபணை மனு பெறப்பட்டது’ என்று அன்றைய குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்ற மறுத்தால், கையெழுத்துப் போடும் இடத்தில் நீங்களே உங்கள் கையால் ஒரு வரி எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அன்றே பதிவுத் தபாலிலும் ஒன்று அனுப்புங்கள். என் அனுபவத்தில் தபால் ரசீது சாட்சிகளைவிட நன்றாகப் பேசும்.

மனுவைக் கொடுத்துவிட்டு எழுந்து போவது

இது சூடான ஆட்கள் செய்யும் தவறு. சங்கத்தில் சிலர் இதைத் தைரியம் என்று சொல்லிக் கைதட்டுவதும் உண்டு. மத்திய அரசு ஊழியர் என்றால், விசாரணை அதிகாரிமேல் பாரபட்ச மனு வந்தால் அதன்மேல் முடிவாகும்வரை விசாரணையை நிறுத்த வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டு அறிவுறுத்தல் இருக்கிறது. தனியார் ஆலையில் அப்படிப் பொதுவான பாதுகாப்பு கிடையாது. உங்கள் நிலையாணையில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், நீங்கள் வெளியேறிய மறுநிமிடம் விசாரணை ஒருதலையாக நடந்து முடியும். சாட்சிகள் சொன்னது சொன்னபடி, குறுக்குக் கேள்வி இல்லாமல் பதிவில் நிற்கும்.

மனு நிராகரிக்கப்பட்டாலும் உட்காருங்கள். நிராகரித்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதன்பின் ஒவ்வொரு அமர்வின் குறிப்பிலும் ‘என் ஆட்சேபணைக்கு உட்பட்டுக் கலந்துகொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஐந்து அமர்வு என்றால் ஐந்து முறை. குறுக்கு விசாரணையை முழுமையாகச் செய்யுங்கள். நடுவிலேயே உயர் நீதிமன்றம் போகலாமா என்று கேட்பார்கள். விசாரணை முடியட்டும் என்று திருப்பி அனுப்புவதுதான் அங்கே வழக்கம். பணமும் மாதங்களும் போகும்.

அதிகாரியைத் திட்டி எழுதுவது

இரண்டாவது குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும்.

பாரபட்சம் நிரூபணமானால் வேலை திரும்பிவிடும் என்று நம்புவது

திரும்பாது, தானாகத் திரும்பாது. உள்விசாரணை முறையாக நடந்ததா என்பதைத் தொழிலாளர் நீதிமன்றம் பெரும்பாலும் முதல் பிரச்சினையாக எடுத்து முடிவு செய்யும். முறையாக நடக்கவில்லை என்று நீங்கள் ஜெயித்தாலும், குற்றச்சாட்டை நீதிமன்றத்திலேயே புதிதாக நிரூபிக்க நிர்வாகம் வாய்ப்புக் கேட்கலாம். 1975-இல் கூப்பர் இன்ஜினியரிங் வழக்கிலிருந்து இதுதான் நடைமுறை. அதே சூப்பர்வைசர் அங்கே வந்து சாட்சி சொல்வார். நடுநிலையான ஒருவர் முன்னால் சொல்வார் என்பதுதான் வித்தியாசம், அதுவும் சிறிய வித்தியாசம் அல்ல. அதனால் ஆட்சேபணை மனுவோடு நின்றுவிடாமல், சம்பவத்தைப் பற்றிய உங்கள் ஆவணங்களையும் சாட்சிகளையும் விசாரணையிலேயே வைத்துவிடுங்கள்.

அந்த இளைஞரின் மனு ஒன்பது நாள் கிடந்தது. பிறகு வேறொரு பிரிவிலிருந்து புதிய விசாரணை அதிகாரி வந்தார். சாட்சிகள் முதலிலிருந்து விசாரிக்கப்பட்டார்கள். திட்டினார் என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. அனுமதி இல்லாமல் மெஷினை விட்டு நாற்பது நிமிடம் போனது நிரூபணமானது, அது உண்மையும்கூட. ஒரு ஊதிய உயர்வு வெட்டு. வேலையில் இருக்கிறார்.