ஜிஎஸ்டி ஆர்டர் வந்துவிட்டதா? ஹைகோர்ட்டுக்கு முன்னால் மேல்முறையீடு: படிப்படியாக

கோடவுன் தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் 2024 ஜூலை முதல் வாரத்தில் என்னிடம் வந்தார். 2018-19 கணக்குக்கு ஜிஎஸ்டி ஆர்டர். வரி மட்டும் ரூ.1,80,000, அதன் மேல் வட்டியும் அபராதமும். "சார், நேரா ஹைகோர்ட்ல ரிட் போட்டுடலாமா? பாரிமுனை பக்கத்துலதானே இருக்கு" என்றார். ஆர்டர் தேதியைப் பார்த்தேன்: ஏப்ரல் 25. ரிட் என்பது அதிகாரியின் உத்தரவை எதிர்த்து நேராக ஹைகோர்ட்டில் போடும் மனு. அது வேண்டாம், முதலில் மேல்முறையீட்டு அதிகாரியிடம் அப்பீல் என்றேன். அன்று அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் தேதியைக் கண்டுபிடியுங்கள்

கடைக்குத் தபாலில் எதுவும் வராமல் இருக்கலாம். ஜிஎஸ்டி போர்ட்டலில் `Services > User Services > View Additional Notices/Orders` போய்ப் பாருங்கள். நோட்டீஸ் வந்ததே தெரியாமல், பதிலும் போடாமல், ஆர்டர் ஆன பிறகு முழிப்பவர்கள் அதிகம். துணிக்கடைக்காரருக்கும் அதுதான் நடந்தது.

ஆர்டர் உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 3 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். இதைச் சொல்வது ஜிஎஸ்டி சட்டத்தின் 107-வது பிரிவு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் மேல்முறையீட்டு அதிகாரி இன்னும் 1 மாதம் பொறுக்கலாம், அதற்கு மேல் அவருக்கே அதிகாரமில்லை. ஏப்ரல் 25 ஆர்டருக்கு ஜூலை 25 கடைசி நாள், அந்தக் கூடுதல் 1 மாதத்தோடு சேர்த்தால் ஆகஸ்ட் 25. போர்ட்டலில் ஏற்றிய நாளையே துறை பெரும்பாலும் கணக்கில் எடுக்கும். அதனால் "நான் பார்த்த நாள் வேறு" என்ற வாதத்தை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

கோர்ட் ஏன் "அங்கே போய்ட்டு வா" என்கிறது?

இவர் வழக்கில் கேள்வி என்ன? சப்ளையரிடம் துணி வாங்கும்போது கொடுத்த வரியை, தான் கட்ட வேண்டிய வரியில் உள்ளீட்டு வரியாக இவர் கழித்துக்கொண்டார். அந்தத் தொகை போர்ட்டலில் சப்ளையர் காட்டியதோடு பொருந்தவில்லை. பில் உண்மையா, சரக்கு வந்ததா, பணம் பேங்க் வழியாகப் போனதா என்று காகிதத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ரிட் மனுவில் நீதிபதி அந்த வேலையைச் செய்வதில்லை. சட்டமே அதற்கென்று ஓர் அதிகாரியை வைத்திருக்கும்போது அவரைத் தாண்டி வராதே என்பதே கோர்ட்டின் நிலை.

விதிவிலக்கும் உண்டு. வேர்ல்பூல் வழக்கில் 1998-ல் உச்ச நீதிமன்றம் அவற்றைச் சொன்னது: அடிப்படை உரிமை பாதிப்பு, இயற்கை நீதி மீறல், அதிகாரமே இல்லாதவர் போட்ட உத்தரவு, சட்டத்தின் செல்லுபடியையே எதிர்ப்பது. விசாரணைக்கே அழைக்காமல் ஆர்டர் போட்டிருந்தால் ரிட்டுக்கு இடம் உண்டு. ஆனால் அப்பீல் காலத்தைத் தூங்கிக் கழித்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போனால் நிலைமை மோசம். கிளாக்ஸோ வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம், அதிகபட்சக் கெடுவும் முடிந்தபின் வரும் ரிட்டை ஹைகோர்ட் ஏற்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

மனுவும் முன்பணமும்

`Services > User Services > My Applications` உள்ளே `Appeal to Appellate Authority` என்பதைத் தேர்ந்தால் `APL-01` படிவம் திறக்கும். நீங்கள் ஒப்புக்கொள்ளும் தொகையை முழுசாகக் கட்ட வேண்டும். மறுக்கும் வரியில் 10% முன்பணம். இவர் முழுவதையும் மறுத்தார், அதனால் ரூ.18,000. வட்டிக்கும் அபராதத்துக்கும் சேர்த்து அவர் 10% போட்டு வைத்திருந்தார். அது தேவையில்லை, வரிக்கு மட்டும் போதும். இதைக் கட்டியதும் மீதித் தொகையின் வசூல் நிற்கும். எனக்கு இதுதான் அப்பீலின் பெரிய பலன்: பேங்க் கணக்கை முடக்குவார்களோ என்ற பயம் போகும்.

ஆவணம்: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்

ஆர்டர் போட்ட அதிகாரியிடம் காட்டாத ஆதாரத்தை அப்பீலில் சும்மா நீட்ட முடியாது. ஜிஎஸ்டி விதி 112 தடுக்கிறது, சில விதிவிலக்குகளோடு. போதிய காரணத்தால் அப்போது தர முடியவில்லை என்பது அதில் ஒரு வழி. நோட்டீஸ் தெரியாமல் போனதை விளக்கி, கூடுதல் ஆதாரத்தை ஏற்கத் தனியாக ஒரு மனு எழுதினோம். அப்புறம் பில், வண்டி ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், சப்ளையரின் சான்று. 2018-19 போன்ற ஆரம்ப ஆண்டுகளுக்கு, ஒரு சப்ளையரிடம் வித்தியாசம் ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் அவரே கொடுக்கும் சான்று போதும் என்று 2022 டிசம்பர் சுற்றறிக்கை சொல்கிறது. அதைத் தாண்டினால் ஆடிட்டர் சான்று வேண்டும்.

நேரில் அழைக்கும் நாளை விட்டுவிடாதீர்கள், தள்ளிவைப்பு 3 முறைதான் கிடைக்கும். இன்னொன்று: மேல்முறையீட்டு அதிகாரி உத்தரவை உறுதி செய்யலாம், மாற்றலாம், ரத்து செய்யலாம். ஆனால் பழைய அதிகாரிக்கே திருப்பி அனுப்ப முடியாது. "மறுபடி விசாரிக்கச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டு மனு எழுதினால் அது வீண்.

ரிவிஷன் கேட்கலாமா?

108-வது பிரிவின் சீராய்வு, துறை தன் வருவாய்க்குக் கேடான உத்தரவைத் தானே திருத்திக்கொள்ள வைத்திருக்கும் வழி. வணிகர் உரிமையாகக் கேட்டுப் பெறுவது அல்ல. அதை நம்பி அப்பீல் கெடுவை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

துணிக்கடைக்காரரின் மனு ஜூலை 22-ல் போர்ட்டலில் ஏறியது, கெடுவுக்கு 3 நாள் முன்பு. அந்த ஒப்புகைச் சீட்டை அவர் இன்னும் கல்லாப்பெட்டியில் வைத்திருக்கிறார்.