'இரவு 12.15' என்றால் எந்த நாள், எத்தனை மணி?

போன வருஷம் வேலூரில் எங்கள் வீட்டுக் கல்யாணம். ரயிலேறும் சொந்தக்காரர்களைக் காட்பாடியில் விட வேன் பேசியிருந்தோம். டிரைவருக்கு நான் 24 மணி நேரக் கணக்கில் மாற்றி அனுப்பிய பட்டியலில் 'சனி 12:15' என்று இருந்தது. நான் நினைத்தது ராத்திரி. அவர் சனிக்கிழமை மத்தியானமே வந்து, பூட்டிக்கிடந்த மண்டபத்து வாசலில் நின்று போன் போட்டார்.

அந்தப் பட்டியலையே இந்தத் தடவை சரியாக மாற்றிப் பார்ப்போம். நான் கையால் எழுதி வைத்திருந்தது இது:

சனி மாலை 4.00 மண்டபம் திறப்பு
சனி இரவு 7.30 வரவேற்பு
சனி இரவு 12.15 காட்பாடி வேன்
ஞாயிறு விடியற்காலை 4.30 முகூர்த்தம்
ஞாயிறு பகல் 12.30 சாப்பாடு
ஞாயிறு பிற்பகல் 2.00 மண்டபம் காலி

படி 1. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஏ.எம். அல்லது பி.எம். என்று குறியுங்கள். நள்ளிரவு முதல் நண்பகல் வரை ஏ.எம்., மற்றது பி.எம். நம்மைக் கவிழ்ப்பது 'இரவு' என்ற சொல்தான். இரவு 7.30 பி.எம்., இரவு 12.15 ஏ.எம். ராத்திரி ரெண்டு மணி என்கிறோமே, அதுவும் ஏ.எம். தான்.

படி 2. முதலில் 12-ல் தொடங்கும் நேரங்களை மட்டும் முடித்துவிடுங்கள். ஏ.எம். என்றால் 12-ஐ 00 ஆக்க வேண்டும்: 12.15 என்பது 00:15. பி.எம். என்றால் கை வைக்கவே வேண்டாம்: பகல் 12.30 என்பது 12:30 தான். இதை முதலில் செய்யாமல் எல்லா பி.எம்.முக்கும் 12 கூட்டினால் 24:30 என்று இல்லாத நேரம் வந்து நிற்கும்.

படி 3. மீதியுள்ள பி.எம். நேரங்களுக்கு 12 கூட்டுங்கள். 4.00 என்பது 16:00, 7.30 என்பது 19:30, 2.00 என்பது 14:00. ஏ.எம். நேரத்தில் மணி ஒற்றை இலக்கமாக இருந்தால் முன்னால் சுழியம் போட்டால் போதும்: 04:30. நிமிஷம் எங்கேயும் மாறாது.

படி 4. தேதியைத் திருத்துங்கள். நம் பேச்சில் சனிக்கிழமை ராத்திரி விடியும்வரை நீளும். கடிகாரத்தில் 00:00 அடித்ததுமே ஞாயிறு. எனவே வேன் 'ஞாயிறு 00:15'. 00:50-க்குக் காட்பாடியில் ஏறும் ரயிலுக்குச் சனிக்கிழமை தேதியில் டிக்கெட் போட்டால், அது வெள்ளி ராத்திரியே போய்விட்ட வண்டி.

இப்போது மேலிருந்து கீழே படியுங்கள்: சனி 16:00, 19:30, ஞாயிறு 00:15, 04:30, 12:30, 14:00. ஒரே நாளுக்குள் எண் ஏறிக்கொண்டே போக வேண்டும். நான் அனுப்பிய சனி 12:15, 19:30-க்குக் கீழே இருந்தது. எண் இறங்கியதைப் பார்த்திருந்தால் அப்போதே பிடித்திருப்பேன். ஆனால் முதல் வரியில் 16:00-க்குப் பதில் 04:00 என்று எழுதினால் இந்தச் சோதனையில் சிக்காது. அந்த ஒரு வரியை மட்டும் கையெழுத்துப் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன்.