தீபாவளி நகர்ந்தால் ரிப்போர்ட் தடுமாறும்: வருடங்களைச் சரியாக ஒப்பிடுவது எப்படி?

நான் கணக்கு பார்க்கும் ஜவுளிக்கடையில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் முதலாளிக்கு ஒரு ரிப்போர்ட் தானாகப் போய்ச் சேரும். போன மாத விற்பனை, போன வருடம் இதே மாதத்து விற்பனை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சதவீதத்தில். கூடினால் பச்சை அம்பு, குறைந்தால் சிவப்பு அம்பு.

2024 அக்டோபர் ரிப்போர்ட்டில் பெரிய பச்சை அம்பு வந்தது. அண்ணாச்சி அடுத்த கொள்முதலைக் கூட்டலாமா என்று கேட்டார். அடுத்த மாத ரிப்போர்ட்டில் அதே அளவுக்குச் சிவப்பு அம்பு. "ஒரே மாசத்துல வியாபாரம் படுத்துருச்சா தம்பி?" என்று ஃபோன். வியாபாரம் எழவும் இல்லை, படுக்கவும் இல்லை. 2023இல் தீபாவளி நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 31. நவம்பரில் விழுந்த கூட்டம் அக்டோபரில் விழுந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கோளாறை கூகுள் ஷீட்ஸில் எப்படிச் சரிசெய்வது என்று பார்ப்போம். SUM போடத் தெரிந்தால் போதும்.

முதலில்: எந்தப் பண்டிகைக்கு இந்த வேலை தேவை?

தமிழ் மாதத்தை ஒட்டி வருபவை பெரிதாக நகராது. பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. ஆடித் தள்ளுபடி எப்போதும் ஜூலை நடுவில் தொடங்கும் ஆடி மாதத்தில்தான். இவற்றுக்குப் பழைய ரிப்போர்ட்டே போதும்.

திதியை வைத்து வருபவைதான் நகரும். அமாவாசைக்கு அமாவாசை கணக்கில் பன்னிரண்டு மாதம் என்பது சுமார் 354 நாள். அதனால் தீபாவளி அடுத்த வருடம் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வரும். இப்படியே போனால் ஆவணிக்குள் போய்விடுமே! அதைத் தடுக்கத்தான் இரண்டரை, மூன்று வருடத்துக்கு ஒரு முறை அதிக மாதம் சேர்க்கிறார்கள். அந்த வருடம் தீபாவளி 19 நாள் போல பின்னால் தள்ளிப்போகும். 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8 என்று வருவது இதனால்தான். ஆக, தேதி அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையே ஆடிக்கொண்டே இருக்கும்.

படி 1: தேதிப் பட்டியல்

Sales என்று ஒரு தாள் இருக்கட்டும். A பத்தியில் பில் தேதி, B பத்தியில் தொகை. அதே கோப்பில் Fest என்று இன்னொரு தாள் திறந்து, A பத்தியில் வருடமும் B பத்தியில் தீபாவளித் தேதியும் போடுங்கள். தேதியை விசைப்பலகையில் அப்படியே தட்டாமல் இப்படிக் கொடுங்கள்:

```
B2: =DATE(2023,11,12)
B3: =DATE(2024,10,31)
B4: =DATE(2025,10,20)
B5: =DATE(2026,11,8)
```

இதில் நான் ஒரு முறை மாட்டினேன். கோப்பின் வட்டார அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் 12/11/2023 என்பதை ஷீட்ஸ் டிசம்பர் 11 என்று எடுத்துக்கொள்ளும். 31/10/2024 மட்டும் தேதியாகவே மாறாமல் எழுத்தாக நிற்கும். எழுத்தாக நின்றால் #VALUE! என்று பிழை காட்டிக்கொடுக்கும், திருத்திவிடலாம். டிசம்பர் 11 சத்தமே போடாது. File → Settings → Locale போய் India என்று வைத்துவிடுங்கள். ஏற்கெனவே தவறாக உள்ளே வந்த தேதிகள் இதனால் தானாகத் திருந்தாது. அவற்றை மறுபடி ஏற்ற வேண்டும்.

Sales தாளிலும் இதே ஆபத்து உண்டு. =COUNT(Sales!A:A), =COUNTA(Sales!A:A) இரண்டையும் போட்டுப் பாருங்கள். தலைப்பு வரிக்காக ஒன்று மட்டும் வித்தியாசம் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் சில தேதிகள் எழுத்தாகக் கிடக்கின்றன என்று அர்த்தம்.

படி 2: எத்தனை நாள் எடுப்பது?

எங்கள் ஜவுளி வியாபாரத்தில் தீபாவளிக்கு நாலு வாரம் முன்பே கூட்டம் தொடங்கிவிடும். அதனால் 28 நாள். உங்கள் கடைக்கு 21 ஆகவோ 35 ஆகவோ இருக்கலாம், ஆனால் ஏழின் மடங்காக இருக்கட்டும். 30 நாள் எடுத்தால் ஒரு வருடம் ஐந்து ஞாயிறும் அடுத்த வருடம் நாலு ஞாயிறும் சிக்கும். ஜவுளிக்கடைக்கு ஒரு ஞாயிறு கூடக் குறையச் சிக்குவது சின்ன விஷயமில்லை.

28 நாளை எங்கே முடிப்பது? முதலில் தீபாவளிக்கு முந்தின நாளோடு முடித்திருந்தேன். கடை தீபாவளியன்று லீவுதானே என்று நினைப்பு. பிறகு பில்களைத் திறந்து பார்த்தால், தீபாவளித் தேதியிலேயே அதிகாலை 12:20, 12:45 என்று வரிசையாகப் பில். முந்தின இரவு கடை நள்ளிரவு தாண்டி ஓடியிருக்கிறது; பில்லிங் மென்பொருளுக்குத் தேதி மாறிவிட்டது. அதனால் தீபாவளி நாளையும் சேர்த்து, அதற்கு முந்தைய 27 நாளும் ஆக 28 என்று வைத்துக்கொண்டேன்.

படி 3: வாரவாரியாகக் கூட்டுதல்

Fest தாளில் C1 முதல் F1 வரை 1, 2, 3, 4 என்று போடுங்கள். இவை நாலு வாரங்கள். நாலாவது வாரம் தீபாவளியோடு முடியும். C2இல் இந்த ஃபார்முலா:

```
=SUMIFS(Sales!$B:$B,
  Sales!$A:$A,">="&($B2-34+7*C$1),
  Sales!$A:$A,"<"&($B2-27+7*C$1))
```

C$1 ஒன்றாக இருக்கும்போது தொடக்கம் தீபாவளிக்கு 27 நாள் முன்பு. நாலாக இருக்கும்போது 6 நாள் முன்பு. முடிவுக்கு "<=" போடாமல் "<" போட்டதற்குக் காரணம் இருக்கிறது. பில் தேதியோடு மணியும் சேர்ந்திருந்தால் "<=" கடைசி நாளின் நள்ளிரவோடு நின்றுவிடும்; அந்த நாளின் விற்பனை முழுக்க விட்டுப்போகும்.

இதை F வரை வலப்பக்கமும், 5ஆம் வரி வரை கீழேயும் இழுத்துவிடுங்கள். அப்புறம் கூட்டலும் சதவீதமும்:

```
G2: =SUM(C2:F2)
H3: =G3/G2-1
```

இந்த இரண்டையும் கீழே இழுங்கள். H பத்தியை Format → Number → Percent ஆக்கிவிடுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

கடையின் உண்மைக் கணக்கை வெளியே சொல்ல முடியாது. அதனால் எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். சாதாரண நாளில் விற்பனை 40,000 ரூபாய். 2023இல் நாலு தீபாவளி வாரங்களும் முறையே 4, 6, 9, 15 லட்சம்; ஆக 34 லட்சம். 2024இல் 3.8, 5.6, 8.4, 14.2, ஆக 32 லட்சம்.

2023இன் 28 நாள் அக்டோபர் 16 முதல் நவம்பர் 12 வரை. அக்டோபரில் முதல் 15 நாள் சாதாரண நாள், 6 லட்சம். பிறகு இரண்டு முழு வாரம், 10 லட்சம். மூன்றாம் வாரத்தில் 30, 31 தேதிகள் மட்டும், 2 லட்சம் என்று வைப்போம். அக்டோபர் மொத்தம் 18 லட்சம். மீதி 7 லட்சம், உச்ச வாரத்தின் 15, அதன் பிறகான 18 சாதாரண நாளின் 7.2 எல்லாம் நவம்பருக்கு, மொத்தம் 29.2 லட்சம்.

2024இன் 28 நாள் அக்டோபர் 4 முதல் 31 வரை, முழுக்க அக்டோபருக்குள். முன்னால் உள்ள மூன்று நாளையும் சேர்த்தால் அக்டோபர் 33.2 லட்சம். நவம்பர் வெறும் 12 லட்சம்.

மாத ரிப்போர்ட் என்ன சொல்லும்? அக்டோபர் 84% ஏற்றம், நவம்பர் 59% இறக்கம். நம் Fest தாள் சொல்வது: தீபாவளி விற்பனை 6% இறக்கம். ஏற்றம் என்று அண்ணாச்சி துள்ளிய மாதத்தில்தான் உண்மையில் வியாபாரம் சறுக்கியிருக்கிறது.

சரிபார்க்க ஒரு வழி: இரண்டு மாதத்தையும் கூட்டிவிடுங்கள். 47.2 லட்சம், 45.2 லட்சம், 4% இறக்கம். தீபாவளி எப்படி நகர்ந்தாலும் இந்த இரண்டு மாதத்துக்குள்தான் என்பதால் இந்தக் கூட்டல் பெரும்பாலும் ஏமாற்றாது. சாதாரண நாள்களும் கலந்திருப்பதால் 6% நீர்த்து 4% ஆகிவிட்டது. இரண்டு விடையும் ஒரே பக்கம் போகாவிட்டால் ஃபார்முலாவில் தப்பு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

படி 4: பழைய ரிப்போர்ட்டில் ஓர் எச்சரிக்கை

மாத ரிப்போர்ட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தேதி மாதம் தாண்டிய வருடத்தில் அதுவே சொல்லட்டும். I3இல்:

```
=IF(MONTH(B3)<>MONTH(B2),"தீபாவளி மாதம் மாறியது: H பார்க்கவும்","")
```

கீழே இழுத்துவிட்டு, அந்தந்த வருடத்துக்கான வரியை மின்னஞ்சலில் போகும் தாளின் உச்சியில் காட்டுங்கள். ஆனால் அது வெறுமையாக இருந்தால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024இலும் 2025இலும் தீபாவளி அக்டோபர்தான். ஆனால் 2025இல் பண்டிகை முடிந்து மந்தமான 11 நாளும் அதே அக்டோபரில் இருக்கின்றன. மாதம் மாறாவிட்டாலும் H பத்தியைத்தான் நம்புவேன்.

இந்தக் கணக்கில் சிக்காத விஷயங்கள்

28 நாளில் ஒவ்வொரு கிழமையும் நாலு முறை வரும்தான். 2023இல் தீபாவளியே ஞாயிற்றுக்கிழமை. நாலாவது ஞாயிறு பண்டிகையிலேயே போய்விட்டது. கடைக்குக் கிடைத்தது மூன்று ஞாயிறு. 2024இல் தீபாவளி வியாழன், நாலு ஞாயிறும் முழுசாகக் கிடைத்தன. ஒரு ஞாயிறு கூடுதலாகக் கிடைத்தும் 6% இறக்கம் என்றால், அது எண்ணில் தெரிவதைவிடக் கொஞ்சம் மோசம்தான்.

சம்பளத் தேதியும் இப்படித்தான். நவம்பர் 12 தீபாவளி என்றால் ஒன்றாம் தேதிச் சம்பளம் கடைசி இரண்டு வாரத்துக்குள் கைக்கு வந்துவிடும். அக்டோபர் 20 என்றால் சம்பளம் 19 நாள் முன்பே வந்துவிடுகிறது, கூட்டம் பரவலாகிறது. அதனால்தான் வாரவாரியாகப் பிரித்தேன். மொத்தம் ஒன்றாக இருந்தாலும் எந்த வாரம் ஏறியது என்று தெரியும். வடகிழக்குப் பருவமழை வேறு. தீபாவளி தள்ளிப்போகப் போக மழைக்குள் மாட்டும் வாய்ப்பு அதிகம். மழைக்கு என்னிடம் ஃபார்முலா இல்லை. பக்கத்தில் ஒரு பத்தியில் 'இந்த வாரம் மூன்று நாள் மழை' என்று கையால் எழுதி வைக்கிறேன்.

2026க்கு 2025ஐ மட்டும் ஒப்பிட வேண்டாம். 2023ஐப் போல அதுவும் ஞாயிறு, அதுவும் நவம்பர் சம்பளத்துக்குப் பின்னால். விலைவாசி ஏறியதைக் கழித்துப் பார்த்தால், கூட்டம் வந்த விதத்துக்கு 2023தான் நெருங்கிய ஜோடி. காலியான ஒரு கட்டத்தில் =G5/G2-1 போட்டு அதையும் பார்த்துவிடுங்கள்.

ரம்ஜான் வியாபாரம் உள்ள கடைகளுக்கு இன்னொரு சிக்கல். ஹிஜ்ரி கணக்கில் அதிக மாதம் கிடையாது; அதனால் பெருநாள் வருடம்தோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னேறிக்கொண்டே போகும், திரும்பி வராது. 2024இல் ஏப்ரல் 11. 2025இல் மார்ச் 31. ஏப்ரல் முதல் மார்ச் வரையான நிதியாண்டுக் கணக்கில் பார்த்தால் 2024–25க்குள் இரண்டு பெருநாளும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. அந்த வருட ஆண்டு ரிப்போர்ட்டைத் தொடுவதற்கு முன் Fest தாளில் ரம்ஜானுக்கும் தனி வரிகள் போட்டுவிடுங்கள். வரப்போகும் வருடத்துத் தேதி பிறை பார்த்த பிறகு ஒரு நாள் மாறலாம். அறிவிப்பு வந்ததும் B பத்தியில் திருத்தினால் மற்றதெல்லாம் தானாக மாறிக்கொள்ளும்.