கரெக்ட் ஸ்கோர், ஹாஃப் டைம்/ஃபுல் டைம்: பெரிய ஆட்ஸில் மறைந்திருக்கும் பிடித்தம்

ஒரு கால்பந்து ஆட்டத்தில் சொந்த மைதான அணி வெல்லும் என்பதற்கு ஆட்ஸ் 2.20, அதாவது 100 ரூபாய் கட்டி ஜெயித்தால் கையில் 220; அதே அணி சரியாக 2-1 என்று வெல்லும் என்பதற்கு 9.00. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘9 தான் லாபம்’ என்று நினைப்பது முதல் தவறு. ஆட்ஸ் பெரிதாக இருப்பது அந்த முடிவு அரிதாக நடக்கும் என்பதைத்தான் சொல்கிறது. பந்தயம் வாங்கும் புக்கி எவ்வளவு பிடித்துக்கொள்கிறார் என்பதை அது காட்டாது.

அந்தப் பிடித்தத்தைக் கணக்கிடுவது சுலபம். 100-ஐ ஆட்ஸால் வகுத்தால் அந்த விலைக்குள் இருக்கும் சதவீதம் வரும். உதாரணத்துக்கு, வெற்றி 2.20, டிரா 3.40, தோல்வி 3.30 என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் வகுத்துக் கூட்டினால் சுமார் 105. நூறுக்கு மேலே இருக்கும் அந்த 5 தான் மார்ஜின்.

சரி, அதே ஆட்டத்தின் ஹாஃப் டைம்/ஃபுல் டைம் பட்டியலுக்கு வருவோம். இடைவேளை நிலை, இறுதி முடிவு இரண்டையும் சேர்த்துச் சரியாகச் சொல்ல வேண்டிய பந்தயம் இது; அதனால் அதில் ஒன்பது முடிவுகள் உண்டு. சொந்த அணி கடைசியில் வெல்ல மூன்றே வழிகள்: இடைவேளையிலும் முன்னிலை (3.60 என்று வைப்போம்), இடைவேளையில் சமநிலை (5.00), இடைவேளையில் பின்தங்கி மீண்டு வருவது (26.00). இந்த மூன்றின் மீதும் சேர்த்து 1000 ரூபாயை 538, 387, 75 என்று பிரித்துக் கட்டினால், எந்த வழியில் வென்றாலும் கையில் வருவது சுமார் 1940. நேரடியாக வெற்றிக்கே கட்டியிருந்தால் 2200. இரண்டும் ஒரே பந்தயம்தான், அணி வென்றால் பணம், இல்லையென்றால் இல்லை. ஆனாலும் 260 ரூபாய் குறைகிறது, அதுவும் ஏற்கெனவே 5 சதவீதம் பிடித்த விலையோடு ஒப்பிட்டு! எந்த ஆட்டத்துக்கும் இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம், நிகழ்தகவு பற்றி எந்த ஊகமும் தேவையில்லை.

ஏன் இப்படி? நாற்பது சதவீத வாய்ப்புள்ள முடிவை ஒரு புள்ளி தவறாகக் கணித்தால் புக்கிக்குப் பெரிய அடியில்லை. 3-2 போல மூன்று சதவீதம் வாய்ப்புள்ள ஸ்கோரில் அதே ஒரு புள்ளி, விலையில் மூன்றில் ஒரு பங்கு. அதனால் ஒவ்வொரு வரியிலும் கூடுதல் இடைவெளி வைத்துக்கொள்கிறார். இன்னொரு காரணம், நம் பக்கமே இருக்கிறது. 2.20-க்குப் பதில் 2.05 என்றால் வாடிக்கையாளர் வேறு இடம் பார்ப்பார். 41-க்குப் பதில் 34 என்றால் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை, இரண்டுமே ‘பெரிய தொகை’தான். அரிதான ஸ்கோர்களில் பிடித்தம் இன்னும் தடிக்கும்.

பாதுகாப்புக்காக என்று 1-0, 2-0, 2-1 மூன்றையும் பிடிப்பவர்கள் நிறைய. அடிக்கடி ஜெயிப்பது போலத் தோன்றும், ஆனால் ஒவ்வொரு வரியிலும் அதே கனத்த பிடித்தத்தைக் கட்டுகிறார்கள். பிரித்துக் கட்டினால் ஏற்ற இறக்கம் குறையும், மார்ஜின் குறையாது.

இதற்கு நேரெதிரான தவறு ஒன்றும் உண்டு. இடைவேளை முன்னிலைக்கு 2.75, வெற்றிக்கு 2.20, பெருக்கினால் 6.05 வருகிறதே, வெறும் 3.60 தருகிறார்கள், ஏமாற்று என்று கோபப்படுவது. இந்த ஒன்றில் புக்கி மேல் பழி போட முடியாது. இடைவேளையில் முன்னிலையில் இருக்கும் அணி பெரும்பாலும் வென்றுவிடும். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை, தனித்தனி நிகழ்வுகள் போலப் பெருக்கக் கூடாது.

அப்புறம் விதிமுறை. கரெக்ட் ஸ்கோர், ஹாஃப் டைம்/ஃபுல் டைம் இரண்டுக்கும் கணக்கு வழக்கமாக 90 நிமிடமும் காயநேரமும் மட்டும்தான், எக்ஸ்ட்ரா டைம் சேராது. 2022 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அர்ஜென்டினா இடைவேளையில் 2-0 முன்னிலை. 80, 81-ஆம் நிமிடங்களில் எம்பாப்பே இரண்டு கோல் போட 2-2 ஆனது. எக்ஸ்ட்ரா டைமில் 3-3, பெனால்டியில் கோப்பை அர்ஜென்டினாவுக்கு. அர்ஜென்டினா/அர்ஜென்டினா என்று கட்டியவருக்கும், 3-3 என்று கட்டியவருக்கும் பணம் கிடையாது. கிடைத்தது அர்ஜென்டினா/டிராவுக்கும் 2-2-க்கும்.

கரெக்ட் ஸ்கோரில் மார்ஜினைக் கூட்டிப் பார்க்கும்போது பட்டியலின் அடியில் இருக்கும் ‘மற்ற ஸ்கோர்’ வரியை விட்டுவிடாதீர்கள். 2014-இல் பிரேசிலை ஜெர்மனி 7-1 என்று வென்றது போன்ற முடிவுகள் அங்கேதான் விழும். அதைச் சேர்க்காமல் கூட்டினால் பிடித்தம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.